வண்ணம் பூசுவதற்கு இரும்புக் குழாய்ச் சாரம்: ஆட்டமின்றி நிறுத்தும் முறை

சவுக்குக் கழியும் கயிறும் கொண்டு கட்டிய சாரத்தில் ஏறிப் பழகிய கொத்தனார் ஒருவர், முதன்முறையாக இரும்புக் குழாய்ச் சாரத்தில் ஏறும்பொழுது ஒரு வியப்பை அடைவதுண்டு. கழியைவிடக் குழாய் வலிவுடையது. கயிற்று முடிச்சைவிடத் திருகாணி உறுதியானது. ஆயினும் புதிய சாரம் பழையதைவிட மிகுதியாக ஆடுகிறது. இது எதனால் என்பதை அறிந்துகொண்டாலன்றி, இரும்புச் சாரத்தைச் சரிவர நிறுத்த இயலாது. வடநாட்டில் மூங்கிலைக் கையாளுவோர்க்கும் இதே ஐயம் எழுவதுண்டு.

சுவர் எழுப்புவதற்கான சாரத்தைவிட வண்ணம் பூசுவதற்கான சாரம் இலேசானது. அதன்மேல் செங்கல்லோ சாந்தோ குவிவதில்லை. ஆனால் வண்ணம் பூசுபவர் ஒரு கையில் தூரிகையைப் பிடித்து, உடலை முன்னும் பின்னும் வளைத்து, பலகையின்மேல் ஓயாமல் பக்கவாட்டில் நடப்பவர். அவருடைய பாரம் சிறிது, அசைவோ பெரிது. மேலும், முடிந்த சுவரில் துளையிட்டுக் குறுக்குக் கழியைச் செருகுவதற்கும் வழியில்லை. ஆகவே சுவரை நம்பாமல் இரண்டு வரிசைக் கால்களில் நின்று, ஆட்டத்தைத் தடுப்பதற்கு மட்டும் சுவரைப் பற்றிக்கொள்ளும் சாரமே இதற்கு ஏற்றது. அத்தகைய சாரம் ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

சொற்களைப் பற்றி

செங்குத்தாக நிற்பதை நிலைக்குழாய் என்றும், சுவருக்கு இணையாக ஓடுவதை நெடுக்குக் குழாய் என்றும், சுவரை நோக்கி நிற்பதைக் குறுக்குக் குழாய் என்றும், சாய்வாகப் பூட்டுவதைச் சாய்குழாய் என்றும் வழங்குவோம். குழாய்களை இணைக்கும் இரும்புப் பூட்டைத் தொழிலாளர் கிளாம்பு என்றும் கப்ளர் என்றும் கூறுகின்றனர். அதற்குத் தூய தமிழ்ப் பெயர் ஒன்றை ஆக்கிக் கொடுப்பது மொழிபெயர்ப்பாளனுக்கு அரிதன்று; ஆனால் வேலைத்தளத்தில் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவரும் அப்பொருளை எடுத்துத் தரமாட்டார். எனவே கப்ளர் என்றே இருக்கட்டும்.

கப்ளர்களில் மூன்று வகையை அறிந்தால் போதும். இரு குழாய்களைச் செங்கோணத்தில் மட்டுமே பிடிப்பது செங்கோணக் கப்ளர். எக்கோணத்திற்கும் திரும்பக் கூடியது சுழல் கப்ளர். இரு குழாய்களை முனைக்கு முனை சேர்த்து நீட்டுவது நீள் கப்ளர். பாரம் தாங்கும் இடமெல்லாம் செங்கோணக் கப்ளருக்கு உரியது. சாய்குழாய்க்கு மட்டுமே சுழல் கப்ளர். கையிருப்புக் குறைந்துவிட்டதென்று நெடுக்குக் குழாயைச் சுழல் கப்ளரில் தொங்கவிடுவது அடிக்கடி காணும் பிழை. அவ்விடத்தில் கோணத்தைக் காக்கும் சக்தி சிறிதும் இல்லாமற் போகிறது. பாரம் தாங்கும் அளவும் குறைகிறது.

குழாயின் வெளி விட்டம் 48.3 மில்லிமீட்டர்; கடைகளில் இதனை 40 மி.மீ. துளைக் குழாய் என்பர். சுவர்த்தடிப்பு 3.2 மி.மீ. ஆயின் மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோகிராம் எடை இருக்கும். இந்தியத் தர நிறுவனம் 1964இல் எஃகுச் சாரப் பொருள்களுக்கும், 1967இல் குழாய்ச் சாரம் அமைக்கும் முறைக்கும் தரங்களை வெளியிட்டது. வாடகைக்குச் சாரம் எடுப்போர் குழாய் வளைந்துள்ளதா, முனை நசுங்கியுள்ளதா, துரு உரிந்து தடிப்புக் குறைந்துள்ளதா என்பவற்றை வண்டியிலிருந்து இறக்கும்போதே பார்த்துக் கழித்துவிட வேண்டும். நிறுத்திய பின் கழிப்பது எளிதன்று.

ஆட்டத்தின் காரணம்

நான்கு அட்டைத் துண்டுகளை எடுத்து, மூலைக்கு ஓர் ஊசி வீதம் குத்தி ஒரு சதுரம் செய்க. அதன் ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். எந்தத் துண்டும் வளையவில்லை, முறியவில்லை. மூலைகளின் கோணம் மட்டுமே மாறிற்று. இப்பொழுது ஐந்தாவது துண்டு ஒன்றை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குத்துக. சதுரம் இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்து அசைவற்று நிற்கும். முக்கோணத்தில் பக்கங்களின் நீளம் மாறாதவரை கோணங்களும் மாற வழியில்லை. வகுப்பில் ஐந்து நிமிடத்தில் காட்டக்கூடிய இச்சோதனையே இக்கட்டுரைப் பொருளின் பெரும்பகுதியாகும்.

செங்கோணக் கப்ளர் ஊசியைப்போல் முற்றிலும் தளர்ந்ததன்று. ஓரளவு கோணத்தைப் பிடிக்கும். ஆயினும் இரண்டு மீட்டர் உயரக் குழாயின் முனையில் ஒருவர் தள்ளும்பொழுது, ஐந்து சென்டிமீட்டர் அகலமே உள்ள அக்கப்ளர் அதைத் தடுத்து நிற்கும் என எதிர்பார்த்தல் இயலாது. கயிறு கொண்டு கட்டிய கழியிலோ பல சுற்றுக் கட்டும் கழியின் சொரசொரப்பும் சேர்ந்து அசைவை உராய்வினால் விழுங்கிவிடுகின்றன. வழவழப்பான குழாயில் அவ்வுதவி இல்லை. ஆகவே கழிச் சாரத்தில் சாய்கழி இன்றியும் ஒருவாறு சமாளித்த வழக்கத்தை இரும்புச் சாரத்திற்குக் கொண்டுவருவதே ஆட்டத்தின் முதற்காரணம் எனலாம்.

இரண்டாவது சோதனை ஒன்றும் செய்து பார்க்கலாம். ஐந்தாவது அட்டைத் துண்டுக்குப் பதிலாக ஒரு நூலைக் கட்டுக. ஒரு பக்கம் தள்ளினால் நூல் இறுகிச் சதுரத்தைக் காக்கும். மறுபக்கம் தள்ளினால் நூல் தொய்ந்து சதுரம் சாயும். கயிறும் கம்பியும் இழுப்பைத் தாங்கும், தள்ளுதலைத் தாங்கா. சன்னல் கம்பியில் சாரத்தைக் கயிற்றால் கட்டிவிட்டு ‘சுவரோடு பிடித்தாயிற்று’ என்று எண்ணுவோர் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஒரு பள்ளிச் சுவர்

கீழ்த்தளமும் ஒரு மாடியும் கொண்ட பள்ளிக் கட்டடம் ஒன்றைக் கருதுவோம். வண்ணம் பூச வேண்டிய சுவரின் நீளம் 12 மீட்டர். கைப்பிடிச் சுவர் உச்சிவரை உயரம் ஏழரை மீட்டர். மாடியில் நான்கு சன்னல்கள். அவற்றின் அடிப்பகுதி தரையிலிருந்து 4.1 மீட்டர் உயரத்தில் உள்ளது. சுவரடியில் 60 சென்டிமீட்டர் அகலத்திற்குச் சிமெண்டுத் தளம் போடப்பட்டிருக்கிறது; அதற்கப்பால் மண்தரை.

நிலைக்குழாய்களை 2.4 மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் ஐந்து கண்கள் அமையும். அதற்கு ஆறு இணைக் கால்கள் வேண்டும். உள்வரிசை சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியும், வெளிவரிசை அதிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளியும் நிற்கும். அடுக்குகளின் உயரம் முறையே 2.1, 4.2, 5.8 மீட்டர். கடைசி அடுக்கு ஏன் குறைந்தது என வினவலாம். 5.8 மீட்டரில் நிற்பவருக்குச் சுவரின் உச்சி கைக்கு எட்டும். அதற்குமேல் உயர்த்துவதால் பயனில்லை. மற்றொரு காரணமும் உண்டு. குழாய்கள் ஆறு மீட்டர் நீளத்தில் வருகின்றன. ஒரு கால் ஆறு மீட்டர்க் குழாயின்மேல் ஒன்றரை மீட்டர்த் துண்டு கொண்டதாகவும், அடுத்த கால் நாலரை மீட்டரின்மேல் மூன்று மீட்டர் கொண்டதாகவும் மாற்றி மாற்றி அமைத்தால், ஒட்டுகள் ஒரே மட்டத்தில் வரிசையாக நில்லா. ஒவ்வோர் ஒட்டும் ஒரு நெடுக்குக் குழாய்க்குச் சற்று மேலாகவே வந்து விழும். ஒட்டு என்பது குழாயின் பலவீனமான இடம். அதனைக் கண்ணின் நடுவில் விட்டால் அவ்விடத்தில் கால் மடங்கப் பார்க்கும். எல்லா ஒட்டுகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் சாரம் முழுவதற்கும் அது ஒரு கீல் போலாகிவிடும். நெடுக்குக் குழாய்களின் ஒட்டுகளுக்கும் இதே விதி பொருந்தும்: காலுக்கு அருகில் இருத்தல் வேண்டும், உள்வரிசையிலும் வெளிவரிசையிலும் ஒரே கண்ணில் வாராமை வேண்டும்.

கால் ஊன்றும் இடம்

ஒரு நடுக்காலின்மேல் எவ்வளவு பாரம் வரும்? இலேசான வேலைக்கு மேடையின் சதுர மீட்டருக்கு 150 கிலோகிராம் எனக் கணக்கிடுவது வழக்கம். ஒரு கண்ணின் மேடை இரண்டு சதுர மீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதியை வெளிக்கால் தாங்கும். அது ஏறத்தாழ 160 கிலோ. குழாய்கள், கப்ளர்கள், பலகை, கைப்பிடி ஆகியவற்றின் எடையில் அக்காலின் பங்கு இன்னும் 130 அல்லது 140 கிலோ. ஆக 300 கிலோ எனக் கொள்வோம்.

குழாயின் வெட்டுமுகத்தில் இரும்பின் பரப்பு நாலரைச் சதுர சென்டிமீட்டர்தான். குழாயை நேரே மண்ணில் நிறுத்தினால் சதுர சென்டிமீட்டருக்கு 66 கிலோ அழுத்தம் விழும். அது துளையிடும் கருவியைப் போல் உள்ளே இறங்கும். 15 சென்டிமீட்டர்ச் சதுர அடித்தகட்டின்மேல் நிறுத்தினால் அழுத்தம் 1.3 கிலோவாகக் குறைகிறது. அத்தகட்டின்கீழ் 25 சென்டிமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள தடித்த பலகையை வைத்து, அதன் நீளத்தில் பாதியே பாரத்தை ஏற்கும் எனக் கொண்டாலும் கால் கிலோவுக்குக் குறைவாகிவிடுகிறது. ஈர மண்ணுக்கும் இது தாங்கக்கூடிய அளவே.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உளது. சுவரையொட்டிய மண் பெரும்பாலும் அடித்தளம் தோண்டி மீண்டும் நிரப்பிய மண்ணாகும்; பார்வைக்குக் கெட்டியாகத் தோன்றினும் மழை பெய்தால் அமுங்கும். நம் சுவரில் உள்வரிசைக் கால்கள் சிமெண்டுத் தளத்தின்மேல் நிற்கின்றன. வெளிவரிசை மண்ணின்மேல் நிற்கிறது. உள்கால் இறங்காது, வெளிக்கால் இறங்கும். எனவே சாரம் வெளிப்புறமாகவே சாயும். அடிப்பலகையை மண்ணைச் செதுக்கிச் சமன்செய்து பதிக்க வேண்டும். பள்ளத்தைச் செங்கல் துண்டுகளால் நிரப்பி அதன்மேல் தகட்டை வைத்தல் கூடாது. செங்கல் நெரிந்துவிடும், அல்லது புரண்டுவிடும். தரை சரிவாயின் மேடான இடத்திலிருந்து வேலையைத் தொடங்குதல் நலம்.

நிறுத்தும் வரிசை

தொடங்குமுன் தலைக்குமேல் பார்க்க வேண்டும். கட்டடத்திற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி அச்சுவரின் அருகே சென்றால், மின்வாரியத்தாரைக் கொண்டு மின்சாரத்தை நிறுத்தவோ கம்பியை அகற்றவோ செய்த பின்னரே குழாயைத் தூக்க வேண்டும். ஆறு மீட்டர் இரும்புக் குழாயை நிமிர்த்துபவரின் கண் குழாயின் அடியில் இருக்கும். கம்பியோ அதன் நுனியில் இருக்கும்.

முதலில் ஒரு கோடியில் இரண்டு கால்களை நிறுத்தி இருவர் பிடித்துக்கொள்ள, அடுத்த இணையையும் நிறுத்தி, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நெடுக்கிலும் குறுக்கிலும் அடிக்குழாய்களைப் பூட்டுவர். இவை கால்கள் விலகாமல் காக்கும். அடுத்து 2.1 மீட்டரில் நெடுக்குக் குழாயை ரசமட்டம் பார்த்துப் பூட்டி, குறுக்குக் குழாயையும் பூட்டியபின், தூக்குக்குண்டு விட்டுக் கால்களை நிமிர்த்தல் வேண்டும். இதுவரை கப்ளர்கள் கைப்பிடியாக இறுகியிருந்தாற் போதும். நிமிர்வு சரியான பின்னரே முழுதும் இறுக்குவது.

இறுக்கும் அளவு பற்றி ஒரு சொல். கால் மீட்டர் நீள ஸ்பானரின் முனையில் 20 கிலோ விசை கொடுத்தால் வரும் இறுக்கமே போதுமானது. அதாவது ஒருவர் ஒரு கையால் நன்கு அழுத்துவதே. ஸ்பானரில் குழாயைச் செருகி நீட்டி இருவர் தொங்குவது திறமையன்று; திருகாணியின் மரை நீண்டு, பின்னர் எவ்வளவு திருகினாலும் பிடியாத நிலை வரும். பூட்டிய மறுநாள், ஆட்கள் ஏறி இறங்கிய பின், எல்லாக் கப்ளர்களையும் மீண்டும் ஒருமுறை சோதித்தல் அவசியம். முதல் நாளில் அவை சிறிது இளகுவது இயல்பு.

முதல் அடுக்கு முடிந்தவுடன், இரண்டாம் அடுக்குக்கு ஏறுமுன், சாய்குழாய்களைப் பூட்டிவிட வேண்டும். ‘எல்லாம் நிறுத்தியபின் சேர்த்துப் பூட்டலாம்’ என்னும் எண்ணமே பல விபத்துகளின் தோற்றுவாய். சாய்குழாய் இரு திசைகளில் தேவை. சுவருக்கு இணையான ஆட்டத்தைத் தடுக்க, வெளிவரிசையில் இரு கோடிக் கண்களிலும் கீழிருந்து மேல்வரை அடுக்குக்கு ஒன்றாக, ஒன்று வலமும் அடுத்தது இடமும் சாயுமாறு பூட்டலாம்; மூன்றரை மீட்டர்க் குழாய் இதற்கு ஏற்றது. சுவருக்குக் குறுக்கான ஆட்டத்தைத் தடுக்க, உள்காலுக்கும் வெளிக்காலுக்கும் இடையே இரண்டரை மீட்டர்க் குழாய்களை முதலாவது, மூன்றாவது, நான்காவது, ஆறாவது இணைகளில் பூட்டுவோம். எந்தச் சாய்குழாயும் இணைப்பு மூலையை ஒட்டியே பிடிக்க வேண்டும். காலின் நடுவில் பிடித்தால் அது முக்கோணம் ஆகாது. காலை வளைக்கும் நெம்புகோலாகும்.

மேடைப் பலகை நாலு சென்டிமீட்டர்த் தடிப்பு உடையதாயின், ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியில் தாங்கலின்றி விடுவது தகாது. நம் கண்ணின் நீளம் 2.4 மீட்டர், ஆகவே நடுவில் ஒரு குறுக்குக் குழாய் கூடுதலாக வேண்டும். கால் மீட்டர் அகலப் பலகைகள் மூன்றை நெருக்கி இட்டு, முனைகள் தாங்கலுக்கு அப்பால் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமலும் பதினைந்துக்கு மிகாமலும் நீளுமாறு அமைத்துக் கட்டிவிட வேண்டும். மிகுதியாக நீண்ட முனையை மிதித்தால் மறுமுனை எழும்பும். வெளிப்புறம் ஒரு மீட்டர் உயரத்தில் கைப்பிடிக் குழாயும், நடுவில் மற்றொன்றும், பலகையோரத்தில் கால்தடுப்புப் பலகையும் வேலை நடக்கும் மேடைக்கெல்லாம் உரியவை. சாரம் கட்டுபவரும் இடுப்பு வாரையும் கொக்கியையும் அணிந்து, கீழடுக்கின் பலகைமேல் நின்றே மேலடுக்கைப் பூட்டுவது முறை.

சுவரைப் பற்றுதல்

90 சென்டிமீட்டர் அகலமும் ஏழரை மீட்டர் உயரமும் உடைய ஒன்றை, அகலத்தைப்போல் எட்டு மடங்குக்கு மேல் உயர்ந்த பெட்டி என எண்ணிப் பாருங்கள். வெளியிடத்தில் தனித்து நிற்கும் சாரம் அகலத்தில் மூன்று மடங்குக்குமேல் உயர்தல் கூடாது என்பது பொதுவான நடைமுறை. நம் சாரம் 2.7 மீட்டரைத் தாண்டிய உடனேயே சுவரின் துணையை நாடுகிறது. ஆகவே 4.2 மீட்டர் அடுக்கில் சுவர்ப் பிணைப்பு முடியும்வரை அதற்குமேல் எழுப்புதல் கூடாது.

மாடிச் சன்னல்கள் நமக்கு வசதியாக அவ்வடுக்கை ஒட்டியே அமைந்துள்ளன. 4.2 மீட்டரில் உள்ள இரு நெடுக்குக் குழாய்களின்மேலும் ஒரு குழாயைக் குறுக்கே இட்டுச் செங்கோணக் கப்ளர்களால் பூட்டி, அதன் முனையைச் சன்னல் வழியே அறைக்குள் செலுத்த வேண்டும். அறைக்குள், சன்னலைவிட நீளமான குழாய் ஒன்றைச் சுவரின் உட்புறத்தோடு படுக்கையாக வைத்து, பூச்சு கெடாதிருக்க இரு பக்கமும் பலகைத் துண்டு இட்டு, வந்த குழாயோடு பூட்டிவிட்டால் சாரம் வெளியே சாய முடியாது. சன்னலில் கம்பி இருப்பினும் இரு கம்பிகளுக்கு இடையே குழாய் பெரும்பாலும் நுழையும். கம்பியை மட்டும் பிடிப்பாகக் கொள்ளல் ஆகாது. மழைநீர்க் குழாயும் அவ்வாறே விலக்கத்தக்கது.

இது பாதி வேலைதான். நூல் கொண்டு செய்த சோதனையை நினைவு கூர்க. மேற்சொன்ன பிணைப்பு சாரத்தை வெளியே விடாது. உள்ளே வருவதைத் தடுக்காது. அதற்காகப் பிணைப்பின் அருகில் ஒரு குறுக்குக் குழாயை நீட்டி, அதன் முனையில் மரத்துண்டு பொருத்திச் சுவரைத் தொடுமாறு வைப்பர். சுவரின் வெளிமுகத்தில் எதுவும் படாதிருத்தல் வேண்டுமாயின், சன்னலின் இரு பக்கச் சுவர்களுக்கு இடையே ஒரு குழாயைத் திருகு முனையால் நெருக்கி, அதில் பிணைக்கலாம். அது உராய்வினால் மட்டும் நிற்பதாகையால் நாள்தோறும் இறுக்கம் பார்க்க வேண்டும். எல்லாப் பிணைப்புகளையும் அவ்வகையாகவே செய்வதும் நன்றன்று.

நம் சுவரின் 90 சதுர மீட்டருக்கு 30 சதுர மீட்டருக்கு ஒன்றாக மூன்று பிணைப்புகள் போதும். ஆயினும் நான்கு சன்னல்களிலும் நான்கு வைப்போம். வண்ணம் பூசும்போது அவ்விடங்களையும் பூச வேண்டியிருக்கும். ஒன்றை அவிழ்த்தாலும் மூன்று எஞ்சி நிற்கும். ஒன்றைப் பூசி முடித்து மீண்டும் பூட்டிய பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டை ஒருங்கே அவிழ்க்கும் தேவை ஒருபோதும் வாராது.

ஆட்டத்தைக் கண்டறிதல்

சாரம் நின்றபின் மேல் மேடையில் ஒருவர் நின்று, கைப்பிடியைப் பற்றி உடலை மெல்ல அசைக்கட்டும்; மற்றொருவர் கீழே தூரத்திலிருந்து நோக்கட்டும். சாரம் முழுவதும் சுவரின் நீள்திசையில் அசைந்தால் வெளிவரிசைச் சாய்குழாய்களில் குறை இருக்கிறது. சுவரை நோக்கி வந்து போனால் பிணைப்புகள் ஒருபுறம் மட்டும் தாங்குகின்றன. பலகை மட்டும் துள்ளினால் நடுக் குறுக்குக் குழாய் இல்லை. அசையும்போது ‘கிளிக்’ என்று ஒலித்தால் அவ்விடத்தில் ஒரு கப்ளர் இளகியிருக்கிறது. ஒலியைத் தொடர்ந்து சென்று அதைப் பிடிக்கலாம். ஒரு மூலை மட்டும் இறங்கி ஏறினால் அடித்தகடு பலகையில் முழுதும் பதியவில்லை. தகட்டின்கீழ்க் காகிதம் நுழைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஒரு பள்ளியில், இரண்டு மாடி உயரச் சாரம் நீள்திசையில் ஒரு சாண் அளவுக்கு அசைந்தது. மேலடுக்குகளில் சாய்குழாய்கள் குறைவின்றி இருந்தன. கப்ளர்களும் இறுகியே இருந்தன. மேஸ்திரி மேலே இரு கோடிகளிலும் கயிறு கட்டி மரங்களுக்கு இழுத்தார். அசைவு ஒருபுறம் குறைந்து மறுபுறம் நீடித்தது. கீழே இறங்கிப் பார்த்தபொழுதுதான் காரணம் விளங்கிற்று. மாணவர்கள் வகுப்புக்குச் செல்ல வழி விடவேண்டும் என்பதற்காகக் கீழடுக்கின் சாய்குழாய்கள் இரண்டையும் கழற்றி வைத்திருந்தனர். மேலே இருந்தவை உறுதியான ஒரு பெட்டியே; ஆனால் அப்பெட்டி, சாய்வே இல்லாத ஒரு சதுரத்தின்மேல் அமர்ந்திருந்தது. அட்டைச் சதுரம் எவ்வாறு சாய்ந்ததோ அவ்வாறே அக்கீழடுக்குச் சாய, மேற்பகுதி முழுவதும் அதனோடு நகர்ந்தது. கழற்றிய குழாய்களை வாயிலை விட்டு அடுத்த கண்ணில் பூட்டினர். கால் மணி நேர வேலை. அசைவு நின்றது. சாய்குழாய்கள் ஒரே கண்ணில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வோர் அடுக்கிலும் எங்கேனும் இருத்தல் வேண்டும். எந்த அடுக்கும் விடுபடலாகாது.

நடக்கும் வழியை மறிக்கும் சாய்குழாய்கள் பற்றியும் இவ்விடத்தில் கூறுதல் தகும். 4.2 மீட்டர் மேடையில் வேலை செய்கையில், நடு இணைகளில் உள்ள குறுக்குச் சாய்குழாய்கள் இரண்டும் வழியில் நிற்கும். சுவரை உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூசி வந்தால் இத்தொல்லை குறைகிறது. மேல் மேடையின் வேலை முடிந்து, அதன் பலகைகளை இறக்கியபின், அவ்வடுக்கின் நடுச் சாய்குழாய்களை மட்டும் கழற்றலாம். கோடிகளில் உள்ளவை அப்படியே இருக்க வேண்டும். கீழடுக்குகளில் உள்ளவற்றையும் தொடலாகாது. சுரண்டல், முதற்பூச்சு, இரண்டாம் பூச்சு என மும்முறை மேலும் கீழும் போக வேண்டிய வேலையாயின், கழற்றாமல் குனிந்து கடப்பதே சிக்கனம்.

பெருமழைக்குப் பின்னும், பலத்த காற்றுக்குப் பின்னும் தூக்குக்குண்டை மீண்டும் விட்டுப் பார்க்க வேண்டும். முன்னர்க் கூறியபடி வெளிவரிசை மண்ணில் நிற்பதால், முதலில் மாறுவது அதுவே. சாய்வு தென்பட்டால் ஆட்களை இறக்கிவிட்டு அடிப்பலகையைச் சீர்செய்க. பிணைப்பைக் கொண்டு இழுத்து நிமிர்த்த முயலற்க.

பிரிக்கும்போது பூட்டியதன் தலைகீழ் வரிசையே பொருந்தும். மேலடுக்கு முழுவதும் இறங்கும்வரை சுவர்ப் பிணைப்புகளும் கீழ்ச் சாய்குழாய்களும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். குழாய்களையும் கப்ளர்களையும் மேலிருந்து எறியாமல் கயிற்றில் இறக்குவர். எறியப்பட்ட கப்ளரின் காது விரிந்துவிட்டால் அடுத்த சாரத்தில் அது இறுகாது. இறக்கிய கப்ளர்களில் ஒட்டிய வண்ணத்தை உலர்வதற்குமுன் துடைத்து, மரையில் சிறிது எண்ணெய் இட்டு, சுழல் கப்ளர்களையும் செங்கோணக் கப்ளர்களையும் தனித்தனிச் சாக்கில் போட்டு வைத்தால், மறுமுறை ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் பூட்டும் பிழை நேராது.